குழாயை மாற்றும் முன் முனையைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் மற்ற எல்லாக் குழாயிலும் தண்ணீர் நன்றாக வருகிறது. கிச்சன் சிங்க் குழாயில் மட்டும் நூல் மாதிரி ஒழுகுகிறது. மேல்தொட்டியைக் கழுவிய பிறகுதான் இப்படி. பிளம்பர் புதுக் குழாய் போடச் சொல்கிறார். 2,200 ரூபாய் ஆகுமாம். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தொட்டி கழுவும்போது கிளம்பிய மண்ணும் துருவும் குழாய் முனையில் இருக்கும் சல்லடையில் போய் அடைத்திருக்கும். அதற்கு ஏரேட்டர் என்று பெயர். கடைக்காரர்கள் ஃபோம் ஃப்ளோ என்பார்கள்.

சிங்க் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிட்டு (வாஷர் உள்ளே விழுந்தால் தேட முடியாது), முனையில் இருக்கும் வளையத்தைக் கையால் திருகுங்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அசையவில்லை என்றால் துணியைச் சுற்றி இடுக்கியால் பிடியுங்கள். வெறும் இடுக்கி பட்டால் பளபளப்பு போய்விடும்.

கழற்றியதும் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் பழுது ஏரேட்டரில்தான், குழாயில் ஒன்றுமில்லை. அப்போதும் ஒழுகினால் சிங்க்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அடைப்பு இணைப்புக் குழாயிலோ குழாயின் உள் பாகத்திலோ இருக்கும். பிளம்பருக்கு அப்போதுதான் வேலை.

கழற்றியதைக் கவிழ்த்துத் தட்டினால் மணலும், சில சமயம் வெள்ளை டெஃப்லான் டேப் துணுக்கும் உதிரும். பாகங்களைப் பிரிக்கும் முன் எது மேலே, எது கீழே என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பொருத்தினால் பக்கவாட்டில் பீய்ச்சும். மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். போர் தண்ணீர் என்றால் வெள்ளையாகச் சுண்ணாம்பும் படிந்திருக்கும். அது பிரஷ்ஷுக்கு மசியாது. ரப்பர் வாஷரை எடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் வினிகரில் ஒரு மணி நேரம் போடுங்கள். சிறு குமிழிகள் கிளம்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், முலாமை அரித்துவிடும்.

திரும்ப மாட்டும் முன் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். உள்ளே தங்கிய மண் வெளியேறட்டும்.

வலை கிழிந்திருந்தால் ஏரேட்டரை மட்டும் தனியாக வாங்கலாம். குழாய் விலையில் அது சிறு பங்குதான். மரையின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும், சிலவற்றில் மரை உள்பக்கம், சிலவற்றில் வெளிப்பக்கம். அதனால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர் சிக்கன வகை என்று கடையில் நீட்டினால் யோசித்து வாங்குங்கள். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. அந்த வகையைப் போட்டால் அடைப்பே இல்லாமலும் மெல்லிசாகத்தான் வரும்.