ஹேண்ட் பிரேக் போட்டும் லாரி மேடையை விட்டு நகர்வது ஏன்?

கடலூர் சிப்காட்டில் சரக்கு ஏற்றுகிறோம். ஹேண்ட் பிரேக் போட்ட லாரிக்கு முட்டுக்கட்டை எதற்கு?

சரக்கு ஏற்றும்போது லாரி சிறிது சிறிதாக மேடையை விட்டு முன்னால் ஊர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கட்டை.

ஃபோர்க்லிஃப்ட் மேடையில் வேகமெடுத்து, லாரிக்குள் பிரேக் பிடிக்கிறது. அந்த உந்துதல் லாரியை முன்னால் தள்ளுகிறது. திரும்பும்போது லாரித் தளத்தை உதைத்து வேகமெடுக்கிறது. அதுவும் முன்னால்தான் தள்ளுகிறது. ஆக, போனாலும் வந்தாலும் தள்ளுதல் ஒரே திசையில். துறைமுகத்தில் கட்டாத படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு விலகுமே, அதுபோல.

மேடைக்கும் லாரிக்கும் நடுவே பாலமாகக் கிடக்கும் இரும்புத் தகடு லாரித் தளத்தில் 10 செ.மீ. படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 3 மி.மீ. நகர்ந்தால், 30 நடையில் 9 செ.மீ. போய்விடும். அடுத்த சில நடைகளில் தகடு ஃபோர்க்லிஃப்டோடு விழும். கண்ணுக்குத் தெரியாத நகர்வு இது. டயர் ஓரத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கட்டையைப் பின்சக்கரங்களின் முன்புறம், இரு பக்கமும், டயரை ஒட்டி வையுங்கள். நம்மூரில் வைக்கும் செங்கல் உதவாது, நொறுங்கும். மழை ஈரமும் மணலும் இருந்தால் கட்டையே வழுக்கும், முதலில் பெருக்குங்கள்.

கட்டை இருந்தால் ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் பலத்தில் லாரி அதன்மேல் ஏறிப் போய்விடும். ஏற்றி முடியும்வரை சாவி மேடைப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.