வி.பி.எஃப்.பில் எவ்வளவு போடலாம்? 2.5 லட்சக் கோடும் அதற்கு அப்பாலும்

கேள்வி: ஓசூரில் தனியார் நிறுவனத்தில் வேலை. மொத்தச் சம்பளம் மாதம் 1,20,000, அதில் அடிப்படை 60,000. பி.எஃப். 7,200 பிடிக்கிறார்கள். புதிய வரி முறையில் இருக்கிறேன். ஹெச்.ஆர்.-இல் கேட்டால் வி.பி.எஃப். எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்கிறார்கள். மாதம் 25,000 போட நினைக்கிறேன். அரசு வேலையில் இருக்கும் அண்ணன், 5 லட்சம் வரை வரியே கிடையாது, தைரியமாகப் போடு என்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிச் செலவுக்கும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஹெச்.ஆர். சொன்னது சரி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை முழுவதையும்கூட நீங்கள் பி.எஃப்.பில் போடலாம். கட்டாயப் பங்கான 12 சதவீதத்துக்கு மேல் நீங்களாக விரும்பிப் போடுவதுதான் வி.பி.எஃப். ஆனால் அதற்கு நிறுவனம் ஒரு ரூபாய்கூடச் சேர்த்துப் போட வேண்டியதில்லை, போடுவதும் அபூர்வம். பென்ஷனும் இதனால் உயராது. பென்ஷன் கணக்குக்குப் போவது நிறுவனத்தின் பங்கிலிருந்து மட்டும்தான். ஆக, வி.பி.எஃப்.பில் உங்களுக்குக் கிடைப்பது வட்டி ஒன்றுதான். அதற்கு வரி உண்டா, பணத்தை எப்போது எடுக்கலாம் என்ற இரண்டைப் பொறுத்தே எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

வட்டி நன்றாகவே இருக்கிறது. 2023-24க்கும் 2024-25க்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். ஆனால் இது டெபாசிட் போல முன்கூட்டியே உறுதியான விகிதம் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அறிவிக்கிறார்கள். 2020-21இல் 8.5 ஆக இருந்தது மறு ஆண்டே 8.1 ஆனது. அறிவித்த வட்டி கணக்கில் ஏறச் சில மாதம் தாமதமாகலாம். அப்படி ஆனாலும் தொகையில் குறைவு வராது, மாதாந்திர இருப்பை வைத்துக் கணக்கிட்டே போடுகிறார்கள்.

இனி வரி. ஒரு நிதியாண்டில் நீங்கள் கட்டும் பி.எஃப்., வி.பி.எஃப். இரண்டும் சேர்ந்து 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. 2021 ஏப்ரல் முதல் இதுதான் விதி. அண்ணன் சொல்லும் 5 லட்சம், முதலாளி பங்கு எதுவும் சேராத நிதிகளுக்கு, அதாவது அவருடைய ஜி.பி.எஃப். போன்றவற்றுக்கு. உங்கள் கணக்கில் நிறுவனமும் பணம் போடுவதால் உங்களுக்கு 2.5 லட்சம்தான். நிறுவனத்தின் பங்கை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கட்டாயப் பங்கு ஆண்டுக்கு 86,400. மிச்சம் 1,63,600. மாதத்துக்கு 13,600 சொச்சம் வருகிறது. அதுவரை போட்டால் வட்டிக்கு வரியே இல்லை, புதிய முறையிலும் அப்படித்தான். 80சி கழிவு மட்டும் உங்களுக்குக் கிடையாது, அது பழைய முறைக்காரர்களுக்கு.

நீங்கள் சொல்லும் 25,000 போட்டால் என்ன ஆகும்? கட்டாயப் பங்கோடு சேர்த்து ஆண்டுக்கு 3,86,400. அதில் 1,36,400 கோட்டைத் தாண்டுகிறது. பி.எஃப். அலுவலகம் அந்தப் பகுதியை வரி உள்ள கணக்காகத் தனியே பிரித்து வைக்கும். அடுத்த ஆண்டு முழுவதும் அது அங்கேயே இருந்தால் ஏறத்தாழ 11,250 வட்டி. உங்கள் வருமானத்துக்கு 20 சதவீத வரியும் அதன் மேல் செஸும் சேர்த்து இதில் சுமார் 2,340 போய்விடும். அந்தப் பகுதிக்கு உண்மையில் நிற்கும் வட்டி 6.5 சதவீதம்.

அதுவும் மோசமில்லை. 7 சதவீதம் தரும் வங்கி டெபாசிட்டில் வரி போக உங்களுக்கு மிஞ்சுவது ஐந்தரைதான். கோட்டைத் தாண்டினால் பெரிய நஷ்டம் என்று பயப்படுகிறார்கள், அப்படியெல்லாம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. வட்டி கைக்கு வராது, அது பி.எஃப்.பிலேயே கிடக்கும். வரியை மட்டும் ஆண்டுதோறும் கையிலிருந்து கட்ட வேண்டும். வரி உள்ள வட்டி ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், மீதி வரியை நீங்கள் ரிட்டர்னில் ‘இதர வருமானம்’ என்று காட்டிக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு வி.பி.எஃப்.பை நிறுத்தினாலும் விஷயம் முடியாது. தனியே பிரித்து வைத்த பணத்துக்கும், அதன் மேல் ஏறிய வட்டிக்கும், அதை எடுக்கும்வரை ஆண்டுதோறும் வரி வந்துகொண்டே இருக்கும். பத்து வருடம் இதை ஞாபகமாகக் காட்டிக்கொண்டிருப்பீர்களா என்று யோசியுங்கள்.

அதனால் மாதம் 13,000 போடுங்கள் என்பேன். கட்டாயப் பங்கோடு சேர்த்து ஆண்டுக்கு 2,42,400 ஆகிறது, கோட்டுக்குள். வட்டி 8.25 ஆகவே நீடித்தால் பத்து ஆண்டில் நீங்கள் போட்ட 15.6 லட்சம் சுமார் 23.7 லட்சம் ஆகும். அதே தொகையை 7 சதவீத டெபாசிட்டில் மாதாமாதம் போட்டு வரியும் கட்டிவந்தால் 20.6 லட்சம் அளவில் நிற்கும்.

விண்ணப்பத்தில் சதவீதமா, ரூபாயா என்று கேட்டால் ரூபாயாகவே எழுதுங்கள். சதவீதமாக எழுதினால் ஒவ்வொரு இன்கிரிமென்டிலும் அது தானாகக் கூடி, ஒரு நாள் சத்தமில்லாமல் கோட்டைத் தாண்டிவிடும். ரூபாயாக எழுதினாலும் கட்டாயப் பங்கு கூடுமல்லவா? அடிப்படை 66,000 ஆனால் பி.எஃப். 7,920. அதோடு 13,000 சேர்ந்தால் ஆண்டுக்கு 2,51,040. கோட்டைத் தாண்டியாயிற்று. சம்பளம் உயர்ந்ததும் 12,500 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். அரியர் வந்தால் அதிலும் பி.எஃப். பிடிப்பார்கள், அந்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். வி.பி.எஃப். மாற்றத்தைச் சில நிறுவனங்கள் ஏப்ரலில் மட்டும்தான் ஏற்கின்றன. அது அவர்களுடைய உள்விதி, முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லூரிச் செலவுக்கு வருகிறேன். வி.பி.எஃப். தனிக் கணக்கு இல்லை, உங்கள் பங்கோடு கலந்துவிடும். ‘போட்டது நான்தானே, அதை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. பகுதி பணம் எடுக்கும் விதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பழைய விதியில் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்தபின் உங்கள் பங்கில் பாதி வரை எடுக்கலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு இதைத் தளர்த்த முடிவெடுத்தது. 12 மாதச் சேவை போதும், ஆனால் மொத்தத்தில் 25 சதவீதம் எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்றது. வேலை போய்விட்டால் முழுவதையும் எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டவும் அதே கூட்டத்தில் முடிவானது. அதைக் கவனியுங்கள், சிக்கலான நேரத்தில்தான் அது கடிக்கும்.

எடுக்க வழி இருக்கிறது, சரி. ஆனாலும் கல்லூரி ஃபீஸுக்குத் தேதி உண்டு. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர், பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியவில்லை என்று மனு திரும்பி வந்தால் அந்தத் தேதி காத்திருக்காது. முதல் ஆண்டு ஃபீஸும் ஹாஸ்டல் பணமும் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும், வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. நீங்கள் நினைத்திருந்த 25,000இல் மிச்சமாகும் 12,000 அதற்குப் போகட்டும். பி.எஃப்.பில் போடுவது ஓய்வுக்கால பணம் என்றே வையுங்கள்.

முந்தைய நிறுவனத்தின் பி.எஃப். இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். தொடர்ச்சியான சேவை ஐந்து ஆண்டு ஆகும் முன் பி.எஃப்.பை முடித்து எடுத்தால் வரி வரும். பழைய இருப்பை மாற்றியிருந்தால் பழைய சேவையும் அந்த ஐந்தில் சேரும். புது வேலைக்குப் போகும்போது பி.எஃப். தொடரும், வி.பி.எஃப். தொடராது. புது நிறுவனத்தில் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

போட ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ‘ஊழியர் பங்கு’ பத்தியில் 7,200 + 13,000 = 20,200 இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 13,000 பிடித்துவிட்டு, பாஸ்புக்கில் வெறும் 7,200 ஏறியிருந்தால் பணம் நிறுவனத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மாதத்துப் பி.எஃப்.பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்து ஹெச்.ஆர்.-க்கு மெயில் போடுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் அடிப்படை எவ்வளவாக இருந்தாலும் 15,000க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய்தான் பிடிக்கிறார்கள். என் அடிப்படை 42,000. நான் வி.பி.எஃப். போட முடியுமா?

பதில்: நிறுவனம் ஒப்புக்கொண்டால் முடியும். 15,000 உச்சவரம்புக்கு மேல் உள்ள சம்பளத்துக்குக் கட்டுவதற்கு ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. நிறுவனத்தின் பங்கு 1,800 ஆகவே இருக்கும், பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் தயங்குவது ‘நாமும் கூடக் கட்ட வேண்டியிருக்குமோ’ என்றுதான்.

உங்கள் கட்டாயப் பங்கு ஆண்டுக்கு 21,600 மட்டும் என்பதால் கோட்டுக்குள் நிறைய இடம் இருக்கிறது. மாதம் 19,000 வரை போட்டாலும் வட்டிக்கு வரி வராது. நிறுவனம் மறுத்துவிட்டால், நீங்களாக பி.எஃப். அலுவலகத்திலோ வங்கியிலோ போய்க் கட்ட வழியில்லை. சம்பளத்தில் பிடித்து நிறுவனம்தான் கட்ட வேண்டும். அப்போது அஞ்சலகத்திலோ வங்கியிலோ பி.பி.எஃப். தொடங்குங்கள். அதில் ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் போடலாம், 15 ஆண்டு காத்திருக்க வேண்டும், ஆனால் வட்டிக்கு வரி இல்லை, நிறுவனத்தின் தயவும் தேவையில்லை.