கேட்பதற்கு முன்பே கணக்குச் சொல்லும் துணை: குடும்ப ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: மூன்று மாதங்களாக என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே எங்கே போனார், ஏன் தாமதம் என்று ஒப்பிக்கிறார். முன்பெல்லாம் இப்படி இல்லை. சந்தேகப்படலாமா?

பதில்: பேச்சின் நீளத்தைவிட, மூன்று மாதங்களில் வந்த மாற்றமே கவனத்துக்குரியது. அவர் எதையோ மறைக்கலாம். ஆனால் அது இன்னொரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை பறிபோனதையும் கடன் வாங்கியதையும் மறைத்த கணவர்கள் இப்படிப் பேசி நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லும் விவரங்கள் எத்தகையவை என்று கவனியுங்கள். "சிக்னலில் ஒரே நெரிசல், டீக்கடையில் கூட்டம், பாஸ் விடவே இல்லை" என்பதில் விவரம் நிறைய இருந்தாலும் சரிபார்க்க எதுவுமில்லை. "எட்டரைக்கு உங்கள் தம்பியோடு பெட்ரோல் போட்டேன், அவன்தான் பணம் கொடுத்தான்" என்பது சிறிய வாக்கியம், ஆனால் ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். பொய் சொல்பவர்கள் சரிபார்க்க முடியாத விவரங்களையே நாடுகிறார்கள் என்பதை நஹாரி, வ்ரை, ஃபிஷர் ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஆய்வுக்காக எழுதி வாங்கிய வாக்குமூலங்களை. வீட்டுப் பேச்சுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

கேள்வி: பொய் சொல்பவர்தான் அதிகம் விளக்குவார், இது அனைவருக்கும் தெரிந்ததுதானே?

பதில்: பாதி சரி. முன்கூட்டியே தயாரித்த பொய் நீளமாக வரலாம். ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி உளவியலாளர் டிபாலோ குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவில், பொய் சொல்பவர்கள் பொதுவாகக் குறைவான விவரங்களையே தருவதாகத் தெரிந்தது. மேலும், கேட்பவர் பொய்யை மெய்யிலிருந்து பிரித்தறிவது சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட அது அதிகம் மேலானதல்ல.

கேள்வி: அப்படியானால் என்னைப் பொய்க்காரி என்கிறீர்களா? கடைக்குப் போனாலும் முழு விவரம் சொல்பவள் நான்தான். முதல் திருமணத்தில் பத்து நிமிடம் தாமதமானால் அடி விழும்.

பதில்: இல்லை, அம்மா. உங்கள் விளக்கம் அடியைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டது. ஆபத்து போன பின்னும் அந்தப் பழக்கம் நீடிக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அப்பாவிடமும் அலுவலகத்திலும் அப்படியே பேசுவார்கள், ஒருவரிடம் மட்டும் அல்ல. முதல் கேள்வி கேட்டவரும் இதைப் பார்க்கலாம்: கணவர் மற்றவர்களிடமும் இப்படி ஒப்பிக்கிறாரா? உங்களிடம் மட்டும் என்றால், கடந்த சில மாதங்களில் நீங்கள் அவரைத் துருவிக் கேட்டதுண்டா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவி சொன்னதை எல்லாம் சரிபார்த்துவிட்டேன், உண்மைதான். ஆனாலும் மனம் ஆறவில்லை. இனி லொகேஷன் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். லொகேஷன் வந்தால் அவர் அதற்கும் சேர்த்து விளக்கம் சொல்லத் தொடங்குவார். ஆறாதிருப்பது உங்கள் மனம் என்பதால் முதலில் நீங்கள் தனியாக வந்து பேசுங்கள். அவர் ஏன் இப்படி விளக்குகிறார் என்பதை அவரைக் கேட்காமல் நான் சொல்ல இயலாது.