மருத்துவச் சான்றிதழில் தேதி மாற்றுவது பற்றி

"டெங்கு காய்ச்சல் 9-ம் தேதியே வந்துவிட்டது. டாக்டரை 12-ல்தான் பார்த்தேன். சான்றிதழில் 12-ஐ 9 ஆக்கித் தர முடியுமா? கடலூர் சிப்காட்டில் வேலை."

மன்னியுங்கள், அதை நான் செய்ய மாட்டேன். புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் சான்றிதழ் பதிவேடு எழுதுபவன் நான். கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் டாக்டர் பதிவேட்டில் ஏற்றி, நகலும் வைத்திருக்க வேண்டும். உங்கள் அலுவலகம் கேட்டால் அந்த நகலில் 12 என்றுதான் இருக்கும். அப்புறம் விடுப்பு போவதோடு முடியாது, போலி ஆவண வழக்காகிவிடும்.

அதே டாக்டரிடம் போய் இப்படிப் புதிதாக எழுதித் தரக் கேளுங்கள்: "9 முதல் காய்ச்சல் இருந்ததாக நோயாளி கூறினார். 12 அன்று பரிசோதித்தேன். அன்று முதல் ஐந்து நாள் ஓய்வு தேவை." கீழே, எழுதித் தரும் அன்றைய தேதியையே போடுவார். பார்க்காத நாளுக்கு அவர் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதை, சொன்னதாகவே எழுதலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துப் பாருங்கள். ஐஜிஎம் என்ற டெங்கு எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால், காய்ச்சல் முன்பே தொடங்கியது என்று காட்ட உங்களுக்கு நல்லது. அது பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி நான்கைந்து நாள் கழித்துத்தான் தெரியும். என்எஸ்1 என்ற டெங்கு கிருமியின் புரதம் முதல் நாட்களிலேயே தெரிந்துவிடும், அதனால் அது மட்டும் பாசிட்டிவ் என்றால் இந்த வாதம் நிற்காது. 10-ம் தேதி மாத்திரை வாங்கிய பில் இருந்தாலும் இணையுங்கள்.

9, 10, 11 மூன்று நாளையும் தற்செயல் விடுப்பிலோ ஈட்டிய விடுப்பிலோ கழிக்கச் சொல்லி மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். இருப்பு இல்லையென்றால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். மூன்று நாள் சம்பளம் போனாலும் வேலை போகாது.