பாஸ்வேர்டை யாரிடம் கொடுத்தீர்கள்?

கேள்வி: சின்னாளப்பட்டியிலிருந்து இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்கிறேன். முன்பு ரீல்ஸ் 20,000 வரை போகும். இரண்டு மாதமாக 300-ஐத் தாண்டவில்லை. இன்ஸ்டாகிராமே சொல்லாமல் கொள்ளாமல் பதிவுகளை மறைத்துவிடுமாம், ஷேடோபேன் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் அக்கா மகன் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ஃபாலோயர் ஏற்றித் தந்தான், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ராத்திரியில் அவர்தான் பார்சல் கட்டுகிறார்.
- ஒரு வாசகி

பதில்: ‘ஏதோ ஒரு ஆப்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், சகோதரி. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. இந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தால் உங்கள் பெயரில் முன்பின் தெரியாதவர்களுக்கு லைக் போடும், ஃபாலோ செய்யும். இப்படி வந்த லைக்குகளையும் ஃபாலோக்களையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018-லேயே அறிவித்தது. தங்கியிருக்கும் போலி ஃபாலோயர்களும் சேலை வாங்க வந்தவர்கள் இல்லை, உங்கள் ரீலைப் பார்க்கவே மாட்டார்கள்.

சரி, கணக்கைச் சோதித்துவிடலாம். ப்ரொஃபைலில் மூன்று கோடுகளைத் தொட்டு, தேடும் இடத்தில் Account Status என்று தட்டுங்கள். நீக்கப்பட்ட பதிவு உண்டா, உங்கள் பதிவுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனவா, ஏதாவது வசதி முடக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே தெரியும். குறிப்பிட்ட பதிவில் பிரச்சினை என்று காட்டினால் அதைத் திருத்துங்கள், இல்லை நீக்குங்கள். தப்பாகப் பிடித்திருக்கிறார்கள் என்றால் மறுபரிசீலனை கேளுங்கள்.

அங்கே எல்லாம் சரி என்று வந்தால் ஷேடோபேன் பேச்சை ஓரமாக வையுங்கள். 20,000 போன பழைய ரீல் ஒன்றையும் இப்போதைய ரீல் ஒன்றையும் எடுத்து, இரண்டின் Insights-ஐயும் பாருங்கள். பார்த்தவர்களில் Followers எத்தனை, Non-followers எத்தனை என்று பிரித்துக் காட்டும். பழையதில் பெரும்பங்கு வெளியாட்கள், புதியதில் வெளியாட்களே இல்லை என்றால், ரீல் புதியவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஃபாலோயர்களும் சேர்ந்து குறைந்திருந்தால் அவர்களே பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அப்போது ரீலைத்தான் மாற்ற வேண்டும். ஹாஷ்டேகில் உங்கள் பதிவைத் தேடிப் பார்த்து ஷேடோபேன் என்று முடிவு கட்டாதீர்கள், அது ஆளுக்கு ஆள் வேறு மாதிரி காட்டும்.

அப்புறம் அந்த ஆப். கணக்கோடு இணைத்த ஆப்களைக் காட்டும் Apps and websites பட்டியலில் அதைத் தேடி, காணோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். பாஸ்வேர்டை நேராக வாங்கிய ஆப் அங்கே வராது. Accounts Center-இல் Password and security போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். Where you're logged in-இல் தெரியாத கருவிகளை எல்லாம் வெளியேற்றுங்கள். Two-factor authentication என்கிற இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். ராத்திரி கண்விழித்துப் பார்சல் கட்டுகிற மனிதரிடம் இதை மறைத்தது தப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆர்டர் ஏன் நின்றது என்று தெரியாமல் அவர் விலையைக் குறைக்கலாமா, வேறு சரக்கு எடுக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். அக்கா மகனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சின்னப் பையன், உதவி என்று நினைத்துத்தான் செய்தான். குடும்பம் சாப்பிடுகிற கணக்கை அவன் கையில் கொடுத்தது நீங்கள். இன்றைக்கே வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, புது பாஸ்வேர்டை இருவரும் சேர்ந்தே போடுங்கள்.