கோச்சுக்குப் பணம் கட்டும் முன் மூன்று பேரிடம் பேசச் சொல்லுங்கள்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புள்ளியியலில் இளங்கலை முடித்த மகள், இரண்டு வருடமாக ஒரு நிறுவனத்தில் விற்பனை அறிக்கை தயாரிக்கிறாள். வேலை பிடிக்கவில்லை என்கிறாள். மருந்து ஆராய்ச்சிக்கான புள்ளியியல் பக்கம் போக ஆசை. உங்கள் அண்ணனோ மேலாண்மைப் படிப்பில் சேரச் சொல்கிறார். அவள் கேட்கவில்லை என்றதும், ஒரு கேரியர் கோச்சைக் கண்டுபிடித்து, பன்னிரண்டு அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார். அது அவளுடைய மூன்று மாதச் சம்பளம். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இப்போது கட்டாதீர்கள்.

காரணம், உங்கள் கடிதத்திலேயே இருக்கும் ஒரு வரி. “கோச் பேசினால் மனசு மாறிவிடுவாள் என்று அண்ணன் சொல்கிறார்.” மனசை மாற்றுவது கோச்சின் வேலையே இல்லை. பணம் கட்டுகிறவர் ஒருவர், பயிற்சி பெறுகிறவர் இன்னொருவர் என்றால், நல்ல கோச் முதல் நாளே அதைத் தெளிவாக்கிவிடுவார். எதை அடைய வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் மகள். அறைக்குள் பேசியதில் எது உங்களுக்கு வரும், எது வராது என்பதை மூவரும் சேர்ந்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். “பெண்ணை நான் சரி செய்து தருகிறேன்” என்று தாய்மாமனிடம் வாக்குக் கொடுக்கிற ஒருவரிடம் அவளை அனுப்பக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது கோச்சுக்கும் வழிகாட்டிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். உங்கள் முடிவு அதில்தான் இருக்கிறது. வழிகாட்டி என்பவர் அந்தத் துறையில் நடந்து பார்த்தவர். எந்தக் கதவு திறக்கும், எது பூட்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் அனுபவத்தைச் சொல்வார், பெரும்பாலும் பணம் வாங்க மாட்டார். கோச் அந்தத் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் கேள்வி கேட்கிறவர். உனக்கு என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் இருக்கின்றன, அடுத்த வாரத்துக்குள் எதைச் செய்யப் போகிறாய் என்று கேட்டுக் கேட்டு, முடிவை அவள் வாயாலேயே வரவைப்பார். ஒவ்வொரு அமர்விலும் அவள் ஏற்றுக்கொண்ட ஒரு வேலை இருக்கும், அடுத்த முறை அதைப் பற்றிக் கேட்பார். இரண்டு வேலை வாய்ப்புகளுக்கு நடுவே மாதக்கணக்காக முடிவெடுக்க முடியாதவர்களுக்கும், நேர்காணலில் சம்பளம் பேச வாயே வராதவர்களுக்கும், செய்ய வேண்டியது தெரிந்தும் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் இது உண்மையிலேயே உதவும்.

உங்கள் மகள் அந்த நிலையில் இல்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது, பிடிவாதமும் இருக்கிறது. இல்லாதது தகவல்தான். எவ்வளவு நல்ல கோச்சும் கேள்வி கேட்டு அவளிடமிருந்து அதை வரவைக்க முடியாது, ஏனென்றால் அது அவளுக்குள் இல்லை.

ஒரு உதாரணம். மருந்துச் சோதனைகளில் புள்ளியியல் படித்தவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, புள்ளியியல் நிரலாளர். சோதனையில் சேர்ந்த தரவை ஒழுங்குபடுத்தி, சாஸ் அல்லது ஆர் என்ற கணினி நிரல் மொழியில் அட்டவணைகளும் வரைபடங்களும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. இதற்கு இளங்கலையோடு உள்ளே போக முடியும். இன்னொன்று, உயிரிப் புள்ளியியலாளர். எத்தனை நோயாளிகள் தேவை என்று கணக்கிடுவதும், முடிவு வெளியாகும் முன்பே எந்த முறையில் ஆராய்வோம் என்று திட்டம் எழுதி வைப்பதும் அவர் பொறுப்பு. இதற்கு வழக்கமாக முதுகலை கேட்பார்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே உங்கள் வீட்டுச் சண்டையின் திசை மாறிவிடும். மேலாண்மைப் பட்டம் இந்த இரண்டு வேலைக்குமே நேரடியாகக் கேட்கப்படுவதில்லை. அப்புறம் எதற்கு அதில் பணமும் வருடங்களும்?

ஆகவே நான் சொல்லும் வழி, உறவினர்கள் யாரும் சொல்லாத ஒன்று. அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் மூன்று பேரிடம், ஆளுக்கு இருபது நிமிடம் பேசட்டும். கல்லூரி முன்னாள் மாணவர் பட்டியல், பழைய பேராசிரியர், கூட வேலை பார்ப்பவரின் தோழி என்று தேடினால் பத்துப் பெயராவது கிடைக்கும். நெருங்கிய நண்பர்களை விட லேசான பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே வேலை பற்றிய புதுத் தகவல் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களிலேயே காட்டியிருக்கிறார். நம் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், அதனால்தான்.

அவர்களுக்கு அவள் எழுதும் கடிதம் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. நான் யார், உங்கள் பெயர் எப்படிக் கிடைத்தது, எதைப் பற்றிக் கேட்க வேண்டும், இருபது நிமிடம் போதும், நீங்கள் சொல்லும் நேரத்தில் அழைக்கிறேன். அவ்வளவுதான். வேலை கேட்கக் கூடாது, தன்விவரக் குறிப்பை இணைக்கக் கூடாது, “எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா” என்றும் கேட்கக் கூடாது. முகம் தெரியாத ஒருவர் தலையில் அது பெரிய பாரம். பத்துப் பேருக்கு எழுதி மூன்று பேர் பதில் போட்டால் போதும்.

பேசும்போது “இந்தத் துறை எப்படி இருக்கும்” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்” என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலில் தெரிந்துவிடும், நாள் முழுவதும் நிரலில் பிழை தேடுவதா, மருத்துவர்களோடு கூட்டமா என்று. அடுத்து, புதிதாக வந்தவர்கள் முதல் வருடத்திலேயே விலகினால் எதனால் விலகுகிறார்கள் என்று கேட்கலாம். பிறகு, இப்போது எனக்குத் தெரிந்ததில் எது குறைகிறது, அதை ஒரு மாதத்தில் நானே முயன்று பார்க்க வழி உண்டா என்று. கடைசியாக, இன்னும் யாரிடம் பேசலாம் என்று. அந்தக் கேள்வியிலிருந்துதான் நான்காவது ஆள் கிடைப்பார்.

மறுநாளே நன்றி எழுத வேண்டும். முக்கியமானது அதற்கு அப்புறம் வருவது: ஆறு வாரம் கழித்து, “நீங்கள் சொன்னபடி இதைச் செய்து பார்த்தேன், இங்கே மாட்டிக்கொண்டேன்” என்று இரண்டு வரி. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் குறைவு. அப்படி வருகிறவருக்குப் பதில் சொல்ல ஆசை வரும். வழிகாட்டி உறவு பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

இதையெல்லாம் செய்த பிறகும், வேலை செய்துகொண்டே தயாராவதா, விட்டுவிட்டு முதுகலை சேர்வதா என்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை என்றால், அப்போது கோச் பொருத்தமானவர். அதுவும் மூன்று அமர்வு, பன்னிரண்டு வேண்டாம். கோச் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகை மாட்டிக்கொள்ளலாம், பல இடங்களில் உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே எங்கே பயிற்சி எடுத்தார், எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பும் தன் சான்றிதழ்களுக்கு இந்த இரண்டையும் பார்க்கிறது. பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேலை நிச்சயம் என்று சொன்னாலோ, இன்றே கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினாலோ எழுந்து வந்துவிடுங்கள். யாரிடம் போவது என்பதை உங்கள் மகள் தேர்ந்தெடுக்கட்டும். முதல் சந்திப்புக்கு அவள் தனியாகவே போகட்டும், அண்ணன் கூடப் போக வேண்டாம்.