கார்டா, பர்சனல் லோனா: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, மாதம் 3% வட்டி. பர்சனல் லோனில் 30,000 பாக்கி, ஆண்டுக்கு 15% (குறையும் அசலுக்கு), மாதத் தவணை 3,000. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 12,000 ஒதுக்க முடியும். சின்னக் கடனை முதலில் முடி, தெம்பு வரும் என்கிறாள் அக்கா. வட்டி அதிகமானதை முதலில் முடி என்கிறார் அலுவலக நண்பர். ஸ்னோபால், அவலாஞ்ச் என்று பெயர் வேறு சொல்கிறார்கள். எது சரி?

பதில்: அக்கா சொல்வது ஸ்னோபால், நண்பர் சொல்வது அவலாஞ்ச். இரண்டிலும் எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகை போய்விடும். மிச்சப் பணம் எந்தக் கடன் மேல் விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை, மாதக் கடைசியில் வட்டி சேர்ந்த பிறகு பணம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டேன்.

அவலாஞ்சில் கார்டுக்கு 9,000, லோனுக்கு வழக்கமான 3,000. ஸ்னோபாலில் லோனுக்கு 9,000, கார்டுக்கு 3,000. ஒன்று முடிந்ததும் அதற்குப் போன பணம் முழுக்க மற்றதற்குத் திரும்புகிறது. மாத இறுதியில் மீதி இப்படி நிற்கும்:

| மாதம் | அவலாஞ்ச்: கார்டு | அவலாஞ்ச்: லோன் | ஸ்னோபால்: கார்டு | ஸ்னோபால்: லோன் |
|---|---|---|---|---|
| 1 | 52,800 | 27,375 | 58,800 | 21,375 |
| 2 | 45,384 | 24,717 | 57,564 | 12,642 |
| 3 | 37,746 | 22,026 | 56,291 | 3,800 |
| 4 | 29,878 | 19,301 | 49,827 | 0 |
| 5 | 21,774 | 16,543 | 39,322 | 0 |
| 6 | 13,427 | 13,750 | 28,502 | 0 |
| 7 | 4,830 | 10,921 | 17,357 | 0 |
| 8 | 0 | 4,033 | 5,878 | 0 |
| 9 | 0 | 0 | 0 | 0 |

இரண்டுமே 9-ஆம் மாதத்தில்தான் முடிகின்றன. கடைசித் தவணை மட்டும் மாறும்: அவலாஞ்சில் 4,084, ஸ்னோபாலில் 6,054. அந்த 1,970-தான் மொத்த வித்தியாசம். வட்டியாகப் பார்த்தால் ஒன்றில் சுமார் 10,080, மற்றதில் சுமார் 12,050. இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்!

ஆனால் 4-ஆம் மாத வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்போது மொத்தக் கடன் அவலாஞ்சில் 49,179, ஸ்னோபாலில் 49,827. வெறும் 650 போலத்தான் இடைவெளி. மாறியிருப்பது கடனின் தன்மை. ஸ்னோபாலில் மிஞ்சியது முழுக்க 3% கடன், 5-ஆம் மாத வட்டி 1,495. அவலாஞ்சில் ஏறக்குறைய 40% மலிவான லோனாக நிற்பதால் இரண்டுக்கும் சேர்த்தே 1,138. பிற்பாதியில் இடைவெளி வேகமாக விரிவது இதனால்தான்.

அதே வரிசையில் அக்கா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 5-ஆம் மாதம் திடீரென்று வருமானம் குறைகிறது என்று வையுங்கள். கார்டின் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5% என்றால், ஸ்னோபாலில் நீங்கள் கட்டியே ஆக வேண்டியது சுமார் 2,490. அவலாஞ்சில் கார்டுக்கு சுமார் 1,495, லோன் தவணை 3,000, ஆக மொத்தம் 4,495. லோன் தவணை நெகிழாது, பாக்கி எவ்வளவு குறைந்தாலும் அதே 3,000-தான். ஆகவே அந்த 1,970-ஐ, மாதக் கட்டாயத்தைச் சீக்கிரம் இறக்குவதற்குக் கொடுக்கும் விலையாகவும் பார்க்கலாம். சம்பளம் நிலையாக வருகிறது, கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணமும் இருக்கிறது என்றால் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை, நண்பர் சொன்னபடி போங்கள். வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் அக்கா சொன்னபடி செய்வதில் தவறில்லை. தெம்புக்காக மட்டும் என்றால் நான் அவலாஞ்ச் பக்கம்தான். கார்டு பாக்கி முதல் மாதமே 7,200 இறங்குவதைப் பார்த்தால் தெம்பு தானாக வரும்.

ஸ்னோபாலில் போவதானால் முதலில் லோன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பல லோன்களில் முன்கூட்டிக் கட்டும் தொகைக்குக் கட்டணம் உண்டு. சிலவற்றில் ஆரம்பத்தில் சில மாதங்களுக்குக் கூடுதலாகக் கட்டவே விட மாட்டார்கள். கட்டணம் 3% என்று வைத்தால், தவணைக்கு மேல் நீங்கள் கட்டும் 18,848-க்கு 565 போய்விடும். அவலாஞ்சில் கடைசி இரண்டு மாதம்தான் லோனில் கூடுதலாகப் போகிறது, அங்கே அதே கட்டணம் 150 சொச்சம்.

இன்னொரு சிக்கல், கூடுதல் பணத்தைச் சொல்லாமல் அனுப்பினால் அதை அடுத்த தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடக் கூடும். அசல் குறையாது, வட்டியும் குறையாது, மேலே போட்ட அட்டவணை உங்களுக்குப் பொருந்தாது. 'அசலில் கழிக்கவும்' என்று எழுத்தில் கேளுங்கள். முதல் மாதம் கட்டியதும் லோன் கணக்கு அறிக்கையைத் திறந்து பாருங்கள். நிலுவை அசல் 21,375-க்குப் பக்கத்தில் இல்லை என்றால் பணம் வேறெங்கோ நிற்கிறது.

கார்டு பக்கம் வட்டியைப் பெரும்பாலும் நாள் கணக்கில் போடுவார்கள். 3% என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.1%. அதனால் கெடு தேதி வரை காத்திருக்காமல் சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள். 9,000-ஐ 15 நாள் முன்னால் கட்டினால் 135 மிச்சம். ஏழு மாதம் அப்படிச் செய்தால் 900-க்கு மேல். எந்த வரிசை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் 1,970-இல் கிட்டத்தட்ட பாதி இதிலேயே வந்துவிடுகிறது.

பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டைத் தொடாதீர்கள். போன மாதப் பாக்கி முழுதாகக் கட்டப்படாவிட்டால் புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் பொதுவாகக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 2,000-க்குச் சாமான் வாங்கினாலே உங்கள் 9,000 உண்மையில் 7,000 ஆகிவிடும்.

அப்புறம், எந்த வழியில் போனாலும், கார்டு பாக்கியை முழுசாகக் கட்டிய அடுத்த மாதம் ஒரு சின்னத் தொகை மறுபடி பில்லில் வரலாம். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. அவலாஞ்சில் 8-ஆம் மாதம் கார்டுக்குக் கட்டும் கடைசி 4,975-ஐ பில் வந்து 20 நாள் கழித்துக் கட்டினால் 100 போல வரும். கார்டுதான் முடிந்துவிட்டதே என்று அந்தப் பில்லைத் திறக்காமல் விட்டால் அந்த நூறுக்குத் தாமதக் கட்டணமும் சேரலாம். பில்லில் பூஜ்யம் வரும்வரை ஒவ்வொரு மாதமும் பாருங்கள்.